ஒய் ஃபேஸில் 58 டிகிரி: சுவிட்ச்போர்டுக்குத் தெர்மல் சர்வே எடுப்பது எப்படி

தெர்மல் கேமராவை முதன்முறை கையில் வாங்கும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை டிகிரி வந்தால் ஆபத்து?" இதற்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. ஒரு படத்தை வைத்தே பேசலாம்.

400 ஆம்பியர் எம்சிசிபி ஒன்று. அதன் வெளிச்செல்லும் பக்கத்தில் மூன்று லக், மூன்றிலும் 240 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள், எக்ஸ்எல்பிஇ காப்பு. கேமராவில் ஆர் ஃபேஸ் 41, ஒய் 58, பி 42 டிகிரி செல்சியஸ். பேனலுக்கு வெளியே அறையின் காற்று 34. எந்தக் கேபிளும் 58 டிகிரியைத் தாங்கும். எக்ஸ்எல்பிஇ 90 வரை போகலாம் என்பது உங்களுக்கும் தெரியும். அப்படியானால் "நார்மல்" என்று எழுதிவிட்டுப் போகலாமா? அந்த நேரத்தில் கேபிளில் எத்தனை ஆம்பியர் ஓடியது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டது, அதிலிருந்து அறிக்கை எப்படி எழுதப்பட்டது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

போவதற்கு முன்: லோடு இருக்கிறதா?

இணைப்பில் சூடு பிறப்பது மின்னோட்டத்தின் இருமடியால். லோடு பாதியானால் சூடு பாதியாகாது, கிட்டத்தட்டக் கால்பங்காகிவிடும். விடுமுறை நாளில், இயந்திரங்கள் நின்ற பிறகு, "இப்போதுதான் தொந்தரவு இல்லாமல் பார்க்கலாம்" என்று அழைப்பார்கள். அன்றைக்கு எடுத்த சர்வேயில் எல்லாம் நீலமாக அழகாகத் தெரியும். அது பேனலின் நலத்தைக் காட்டவில்லை, லோடு இல்லாததைக் காட்டுகிறது.

மின் பராமரிப்புக்கான என்எஃப்பிஏ 70பி ஆவணம், பெயரளவு லோடில் குறைந்தது 40 சதவீதமாவது இருக்கும்போது பார்க்கச் சொல்கிறது. இதை அடிமட்ட எல்லையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த இடத்தின் வழக்கமான உச்ச நேரத்தைக் கேட்டு, அப்போது போங்கள். லோடு ஏறிய உடனே பார்ப்பதும் தவறு. செம்பும் அலுமினியமும் சூடாகி நிலைபெற நேரம் வேண்டும். லோடு பெரிதாக மாறாமல் ஒரு மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். கனமான பஸ்பாரும் தடித்த கேபிளும் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் விடுவது நல்லது. ஜெனரேட்டர் பேனல், ஸ்டாண்ட்பை பம்ப், தீயணைப்பு பம்ப் போன்றவை பெரும்பாலும் லோடே இல்லாமல் நிற்கும். அவற்றை ஓட்டிக்காட்டும்படி முன்கூட்டியே கேளுங்கள். ஓட்ட முடியாவிட்டால் "லோடு இல்லை, மதிப்பிடவில்லை" என்று எழுத வேண்டும். "சரி" என்று எழுதக் கூடாது.

லோடு இருக்கும்போது பார்ப்பது என்றால் உயிருள்ள பேனலைத் திறந்து பார்ப்பது என்று பொருள். மூடியைக் கழற்றுவது அந்த இடத்தில் அனுமதி பெற்ற மின்பணியாளரின் வேலை. கேமராக்காரர் அதில் கைவைக்கக் கூடாது. மூடி கழறும் நொடியில்தான் ஆர்க் ஃபிளாஷ் ஆபத்து அதிகம். அந்தப் பேனலுக்குக் கணக்கிட்ட ஆற்றல் அளவுக்கு ஏற்ற பாதுகாப்பு உடை இருவருக்கும் வேண்டும். மூடி முழுதாகக் கழன்று, அவர் விலகிய பிறகே நீங்கள் முன்னால் வரவேண்டும். கேமரா கண்ணில் இருக்கும்போது கால் எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் நகர்வதற்கு முன் கேமராவை இறக்குங்கள்.

மூடியை விட்டுவிட்டுப் பார்க்கலாமா?

முடியாது. பேனலுக்குள் பிரேக்கர்களை மறைத்து நிற்கும் ஒளிபுகும் பாலிகார்பனேட் தகட்டின் வழியே உங்கள் கண்ணுக்கு எல்லாம் தெரியும், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பார்க்கின்றன. பாலிகார்பனேட்டும் கண்ணாடியும் அங்கே சுவர் மாதிரி. கேமரா காட்டுவது அந்தத் தகட்டின் மேற்பரப்பு வெப்பத்தை. தகட்டின் முன்னால் நின்று எடுத்த, தன் முகமே பிரதிபலித்த படத்தை "ஹாட் ஸ்பாட்" என்று ஒட்டிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன்.

அகச்சிவப்புக்கென்றே செய்த ஜன்னல் பொருத்திய பேனல் என்றால் மூடியைத் திறக்காமலே பார்க்கலாம். அந்த ஜன்னலும் கொஞ்சம் வெப்பக்கதிரை விழுங்கிவிடும் என்பதால் அதன் ஊடுருவல் அளவைக் கேமராவில் பதிய வேண்டும்.

திறந்தவுடன் பாருங்கள். கதவும் தகடும் போனதும் அறைக்காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் ஆற்றத் தொடங்கும். முதலில் ஒரு முழுப்படம், பிறகு சந்தேக இடங்கள், கடைசியில் கிளாம்ப் மீட்டர் என்ற வரிசையில் போனால் சூடு தப்பாது.

கேமராவை நம்புவதற்கு முன்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் எமிசிவிட்டி, அதாவது உமிழ்திறன். ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நேர்மையாக வெளியே காட்டுகிறது என்பதே அது. பெயிண்ட், பிவிசி ஸ்லீவ், இன்சுலேஷன் டேப், பிளாஸ்டிக் எல்லாம் 0.9க்கு மேல், நேர்மையானவை. பளபளக்கும் செம்பும் அலுமினியமும் 0.1க்கும் கீழே. அப்படிப்பட்ட லக்கைப் பார்க்கும்போது கேமராவுக்கு வரும் கதிரில் பத்தில் ஒன்பது பங்கு சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும் லக், கேமராவில் குளிர்ந்த லக்காகத் தெரியும். சர்வேயில் தவறவிடப்படும் கோளாறுகளில் பெரும்பகுதி இப்படித் தப்புபவைதான் என்பது என் எண்ணம்.

"எமிசிவிட்டியை 0.1 என்று மாற்றினால் சரியாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது. அந்த எல்லையில் 0.05க்கும் 0.1க்கும் இடையே விடை தாறுமாறாக மாறும். உங்களிடம் இருக்கும் உலோகத்தின் சரியான மதிப்பு எது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில் அளக்கும் இடத்தை மாற்றுங்கள். லக்கை ஒட்டிய ஸ்லீவ், கேபிள் காப்பின் முதல் சென்டிமீட்டர், பிரேக்கர் உடலின் முனை ஆகியவற்றில் பாருங்கள். பஸ்பாரின் பளபளப்பான இணைப்புகளுக்கு அடுத்த ஷட்டவுனில், பேனலைத் தயாரித்தவர் ஒப்புக்கொண்டால், சிறு பெயிண்ட் புள்ளியோ டேப் துண்டோ வைத்துவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் பயன்படும். நம் உதாரணத்தில் மூன்று லக்கின் குழாய்ப் பகுதியிலும் நிற ஸ்லீவ் போடப்பட்டிருந்தது. எமிசிவிட்டி 0.95 என்று வைத்து ஸ்லீவின் மேல் அளந்தோம்.

பிரதிபலிப்பா, உண்மைச் சூடா என்று சந்தேகம் வந்தால் இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள். சூடு அதே இடத்தில் நின்றால் உண்மை. உங்களோடு நகர்ந்தால் அது நீங்களோ மேலே எரியும் விளக்கோ.

அடுத்தது தூரம். 320 × 240 புள்ளிகளும் 24 டிகிரி லென்ஸும் உள்ள கேமராவில், ஒரு மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டரைப் பார்க்கிறது. வெப்பத்தை நம்பி அளக்கக் குறைந்தது மூன்று புள்ளி அகலம் வேண்டும், அதாவது 4 மில்லிமீட்டர். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் அதுவே 20 மில்லிமீட்டர் ஆகிவிடும். அங்கிருந்து போல்ட் தலையை அளந்தால், போல்ட்டும் அதன் பின்னால் இருக்கும் குளிர்ந்த தகடும் கலந்த சராசரிதான் கிடைக்கும். ஃபோகஸ் கலங்கியிருந்தாலும் இதே கதி. எமிசிவிட்டியைப் பிறகு கணினியில் திருத்தலாம், தூரத்தையும் ஃபோகஸையும் திருத்த முடியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேமரா தானியங்கு நிலையில் இருந்தால், படத்தில் உள்ள மிகச் சூடான இடத்துக்கு எப்போதும் வெள்ளையைத்தான் தரும். இரண்டு டிகிரி வித்தியாசமே இருந்தாலும் தீப்பிடித்தது போலக் காட்டும். அளவுகோலைக் கையால் நிலைநிறுத்தி, ஒரே பேனலின் படங்கள் அனைத்தையும் ஒரே அளவுகோலில் எடுங்கள்.

படம் எடுத்ததும் ஆம்பியர்

சந்தேக இடம் கிடைத்தவுடன் கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸும் நியூட்ரலும் அளக்கப்பட வேண்டும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டராக இருக்கட்டும், இன்றைய லோடுகளில் ஹார்மோனிக்ஸ் அதிகம். பேனலின் டிஜிட்டல் மீட்டரில் ஃபீடர்வாரியாக மின்னோட்டம் தெரிந்தால் அதுவே போதும், உயிருள்ள கம்பிக்கு அருகே கை போக வேண்டியதில்லை.

நம் ஃபீடரில் கிடைத்தது: ஆர் 182, ஒய் 176, பி 179 ஆம்பியர். இந்த மூன்று எண்களும் இரண்டு விஷயம் சொல்கின்றன. ஒய் ஃபேஸ் அதிக லோடால் சூடாகவில்லை. சொல்லப்போனால் மூன்றில் அதில்தான் மின்னோட்டம் குறைவு. ஆகவே கோளாறு மின்தடையில் இருக்கிறது. இரண்டாவது, பிரேக்கரின் 400 ஆம்பியரில் இப்போது ஓடுவது 44 சதவீதம்தான். உச்சத்தில் இந்த ஃபீடர் 320 வரை போகும் என்று பதிவேட்டில் இருந்தது.

ஒய் 280ம் மற்றவை 180ம் என்று வந்திருந்தால் கதை மாறியிருக்கும். அப்போது அது லோடு சமமின்மை, லக்கில் கைவைக்க எதுவும் இருக்காது.

58 டிகிரி அதிகமா?

பலரும் கையாளும் அளவுகோல் நீட்டா அமைப்பின் பராமரிப்புச் சோதனைத் தரத்தில் உள்ள அட்டவணை. அதில் இரண்டு ஒப்பீடுகள் உண்டு. ஒன்று, ஒரே மாதிரியான லோடில் இருக்கும் ஒரே மாதிரியான பாகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 1 முதல் 3 டிகிரி என்றால் கோளாறு இருக்கலாம், ஆராய வேண்டும். 4 முதல் 15 என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், நேரம் கிடைக்கும்போது சரிசெய்ய வேண்டும். 15க்கு மேல் போனால் பெரும் கோளாறு, உடனே சரிசெய்ய வேண்டும். மற்றொன்று, பாகத்துக்கும் சுற்றுக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம். அதன் படிகள் 1 முதல் 10, 11 முதல் 20, 21 முதல் 40, 40க்கு மேல் என்று போகின்றன. 21 முதல் 40 வரை, சரிசெய்யும்வரை கண்காணிக்கச் சொல்கிறது. 40ஐத் தாண்டினால்தான் "உடனே".

நம் ஃபீடரை இதில் வைத்துப் பாருங்கள். ஒய்க்கும் பி ஃபேஸுக்கும் 16 டிகிரி: "உடனே சரிசெய்". ஒய்க்கும் காற்றுக்கும் 24 டிகிரி: "கண்காணி". ஒரே அட்டவணை, ஒரே லக், இரண்டு தீர்ப்பு. இந்த இடத்தில் புதியவர் குழம்பி, தனக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வார். அண்டை ஃபேஸோடு ஒப்பிடுவதையே நான் முதலில் நம்புவேன். மூன்று லக்கும் ஒரே காற்றில், ஒரே லோடில், ஒரே எமிசிவிட்டியில் இருப்பதால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். காற்றோடு ஒப்பிடுவது, அண்டையில் ஒத்த பாகமே இல்லாதபோதும், மூன்று ஃபேஸும் சேர்ந்து சூடாக இருக்கும்போதும் கைகொடுக்கும்.

இரண்டு தீர்ப்பிலும் ஒரு குறை உண்டு. இரண்டுமே 176 ஆம்பியரில் கிடைத்த எண்கள். உச்ச லோடில் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு சிறு கணக்கு:

```
ΔT2 = ΔT1 × (I2 / I1)^n
```

ΔT1 இப்போது காற்றுக்கு மேல் உள்ள ஏற்றம், I1 இப்போதைய மின்னோட்டம், I2 எதிர்பார்க்கும் மின்னோட்டம். பிறக்கும் வெப்பத்தை மட்டும் பார்த்தால் n என்பது 2. சூடு ஏற ஏறக் காற்றோட்டமும் கதிர்வீச்சும் வேகமாக வெப்பத்தை எடுத்துச் செல்வதால் நடைமுறையில் 1.6ஐ ஒட்டி வரும். நான் இரண்டையும் போட்டுப் பார்ப்பேன், உண்மை நடுவில் எங்கோ இருக்கும்.

320ஐ 176ஆல் வகுத்தால் 1.82. அதன் 1.6 அடுக்கு 2.6. ஏற்றம் 24 என்பது 63 ஆகிறது, அதே 34 டிகிரி அறையில் லக் 97 டிகிரி. n = 2 என்று போட்டால் ஏற்றம் 79, லக் 113. ஆரோக்கியமான பி ஃபேஸ் அதே 320 ஆம்பியரில் 54ஐ ஒட்டித்தான் நிற்கும். எக்ஸ்எல்பிஇ காப்பின் எல்லை 90. பேனல்களுக்கான ஐஇசி 61439 தரம் வெளிக்கேபிள் முனையத்துக்கு அனுமதிக்கும் ஏற்றம் 70. முதல் கணக்கில் காப்பின் எல்லை உடைகிறது, இரண்டாவதில் இரண்டுமே உடைகின்றன. "58தானே" என்று விட்டிருந்தால் அடுத்த உச்ச லோடில் காப்பு வேகத் தொடங்கியிருக்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. லோடு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது எடுத்த சிறு வித்தியாசத்தை முழு லோடுக்கு நீட்டினால், கேமராவின் ஒரு டிகிரி பிழையும் சேர்ந்து பெருகிவிடும். மின்தடையும் நிலையாக இருக்காது. தளர்ந்த இணைப்பு சூடாகி, ஆக்ஸைடு படிந்து, மேலும் சூடாகும். எனவே கணக்கில் வரும் எண்ணை முன்னறிவிப்பாக எழுதாதீர்கள். முன்னுரிமை தர மட்டும் பயன்படுத்துங்கள்.

சூடு எங்கே தொடங்குகிறது?

இதைப் பார்க்காமல் அறிக்கை எழுதுபவர்கள் எல்லாக் கோளாறுக்கும் "போல்ட்டை இறுக்கவும்" என்று எழுதுவார்கள். படத்தில் சூட்டின் சரிவைப் பாருங்கள். கேபிள் முழுநீளமும் ஒரே சூடு என்றால் லோடு மிகை. ஒரு புள்ளியில் உச்சமாகி இருபுறமும் ஆறிக்கொண்டே போனால் அந்தப் புள்ளியில் மின்தடை. பிரேக்கரின் உடலே சூடாகி, இரு முனைகளும் அதைவிட ஆறியிருந்தால் உள்ளே இருக்கும் காண்டாக்ட் சந்தேகம். அங்கே வெளியே தெரிவது உள்ளே இருப்பதில் ஒரு பங்குதான் என்பதால், குறைந்த வித்தியாசத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அதையும் விடாதீர்கள். கெபாசிட்டர் பேங்கில் அது பெரும்பாலும் போன ஃபியூஸ்.

நம் ஒய் ஃபேஸில் உச்சம் போல்ட்டில் இல்லை. லக்கின் குழாய்ப் பகுதியில், கேபிளைச் செருகி அழுத்திய இடத்தில் 58 இருந்தது. போல்ட் இருக்கும் பக்கம் போகப் போக ஆறியது, கேபிளின் பக்கமும் ஆறியது. போன ஆண்டும் இதே ஃபீடரில் சூடு பதிவாகி, "இறுக்கப்பட்டது" என்று குறிப்பு இருந்தது. இறுக்கியவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். கோளாறு க்ரிம்பில் இருந்தால் டார்க் ரெஞ்ச் என்ன செய்யும்?

அறிக்கை

ஒவ்வொரு ஹாட் ஸ்பாட்டுக்கும் ஒரு பக்கம் போதும். தெர்மல் படமும், அதே கோணத்தில் எடுத்த சாதாரண ஒளிப்படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். படத்தில் மட்டும் பார்த்தால் மூன்று மாதம் கழித்து எந்த லக் என்று உங்களுக்கே தெரியாது. நம் ஃபீடருக்கு எழுதியது இது:

> இடம்: மெயின் பேனல், 7ஆம் ஃபீடர், 400 ஆம்பியர் எம்சிசிபி, வெளிச்செல்லும் பக்கம், ஒய் ஃபேஸ் லக்கின் க்ரிம்ப் பகுதி.
> வெப்பம்: ஆர் 41, ஒய் 58, பி 42 டிகிரி. அறைக்காற்று 34.
> மின்னோட்டம்: ஆர் 182, ஒய் 176, பி 179 ஆம்பியர். இரண்டு மணி நேரமாக நிலையானது.
> அளவீடு: ஸ்லீவின் மேல், எமிசிவிட்டி 0.95, தூரம் 1 மீட்டர், மூடி கழற்றி 4 நிமிடத்துக்குள்.
> வித்தியாசம்: பி ஃபேஸோடு 16, காற்றோடு 24 டிகிரி. 320 ஆம்பியரில் 97 டிகிரியைத் தாண்டக்கூடும்.
> சந்தேகம்: க்ரிம்ப் இணைப்பில் மின்தடை. போல்ட் இணைப்பில் அறிகுறி இல்லை.
> பரிந்துரை: லோடை 180 ஆம்பியருக்குள் வைத்திருக்கவும். கிடைக்கும் முதல் ஷட்டவுனில் லக்கை வெட்டிவிட்டுப் புதிதாக க்ரிம்ப் செய்யவும். இறுக்குவது மட்டும் போதாது.

கவனியுங்கள், "சந்தேகம்" என்றுதான் எழுதியிருக்கிறது. கேமரா மேற்பரப்பைப் பார்த்தது, காரணத்தை நாம் ஊகித்தோம். அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது. சூடு இல்லாத ஃபீடர்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும், அதில் ஒவ்வொன்றின் லோடும் எழுதப்பட வேண்டும். திறக்க முடியாதவை, லோடு இல்லாதவை, மறைவில் இருந்ததால் பார்க்க முடியாதவை எவை என்பதும் தனியே வரவேண்டும். உரிமையாளர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மிக ஆபத்தானது கண்ணில் பட்டால் அறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். பொறுப்பாளரிடம் அங்கேயே வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தையும் யாரிடம் என்பதையும் பிறகு அறிக்கையில் சேருங்கள்.

திறந்தபோது

நான்கு நாள் கழித்து ஷட்டவுன் கிடைத்தது. மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டி, எர்த் செய்த பிறகு மைக்ரோ ஓம் மீட்டரால் கேபிள் கடத்தியிலிருந்து லக்கின் தட்டு வரை அளந்தார்கள். ஆர் 15, பி 17, ஒய் 170 மைக்ரோ ஓம். 176 ஆம்பியரில் அந்த 170 மைக்ரோ ஓம் ஐந்து வாட்டுக்குச் சற்றே மேல் வெப்பம் தரும். கேட்க அற்பமாக இருக்கும், விரலளவு குழாய்க்குள் அது போதும். ஸ்லீவை உரித்துப் பார்த்தபோது லக்கில் 300 என்று பொறித்திருந்தது. 240 கேபிளுக்கு 300 லக்கைப் போட்டு, கிடைத்த டையால் அழுத்தியிருக்கிறார்கள். இழைகள் கறுத்திருந்தன.

வெட்டிவிட்டு, இழைகளைத் தேய்த்து, அலுமினியத்துக்கான காம்பவுண்ட் பூசி, 240 லக்கைச் சரியான டையில் அழுத்தினார்கள். சரிசெய்த பிறகு மறுபடி படம் எடுக்கும்வரை அறிக்கையில் அந்த ஃபீடருக்கான பக்கத்தை முடித்துவைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அறை 33 டிகிரி, ஒய் ஃபேஸில் 210 ஆம்பியர் ஓடும்போது எடுத்தோம். ஆர் 43, ஒய் 44, பி 44. முன்பைவிட லோடு அதிகமாக இருந்தபோது எடுத்த படம் என்பதால்தான் அந்தப் பக்கத்தின் கீழே "முடிந்தது" என்று கையெழுத்துப் போட்டேன். 100 ஆம்பியரில் எடுத்திருந்தால் பழைய லக்கும் ஏறக்குறைய 44தான் காட்டியிருக்கும்.